தயிர் கவரில் ‘ஃப்ரெஷ்’ என்று பேர் இருந்தால்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் பால் எடுத்து வியாபாரம் பண்ணுகிறவர்கள் பாக்கெட் தயிர் போட ஆரம்பிக்கும்போது கவர் டிசைனுக்கு என்னிடம் வருவார்கள். வரும்போதே ஒரு பேரையும் முடிவு பண்ணிக்கொண்டுதான் வருவார்கள். அந்தப் பேரில் பெரும்பாலும் ஃப்ரெஷ், ப்யூர், தூய, ஒரிஜினல் என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். தயிர் என்றால் புதுசாக இருக்க வேண்டும், நம்பி வாங்க வேண்டும், அதைப் பேரிலேயே சொல்லிவிட்டால் என்ன என்பது அவர்கள் கணக்கு. நான் பார்த்தவரைக்கும், பாக்கெட் தயிருக்கு இதைவிட மோசமான பேர் வேறு கிடையாது. ஏன் என்று ஒரு பேர் உருவான கதையை வைத்துச் சொல்கிறேன்.

ஒடுகத்தூர் பக்கத்தில் ஒருத்தர். சுற்றுக் கிராமங்களில் நாளுக்கு 1,500 லிட்டர் பால் எடுக்கிறார். பாலாகவே பெரிய கம்பெனிக்கு ஊற்றிக்கொண்டிருந்தவர், அதில் ஒரு பங்கைத் தயிராக்கித் தன் பேரில் விற்க ஆசைப்பட்டார். தன் பெண்ணின் பேரோடு ‘ஃப்ரெஷ்’ என்று சேர்த்து ஒரு பேர் வைத்திருந்தார். “தம்பி, தயிருன்னா புதுசா இருக்கணும். அத்தப் பேர்லயே சொல்லிட்டா இன்னா?” என்று கேட்டார்.

“அண்ணே, சொல்லலாம். சொன்னா கவர்ல இன்னொரு வரியும் சேத்துப் போடணும், பரவாயில்லயா?” என்றேன்.

அந்த வரி என்ன என்பது பலருக்குத் தெரியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் விளம்பரங்களுக்கும் உரிமைகோரல்களுக்கும் விதிமுறைகள் கொண்டுவந்தது. ‘ஃப்ரெஷ்’ என்ற சொல்லைக் கழுவுவது, தோல் சீவுவது, நறுக்குவது, குளிரவைப்பது என்ற அளவுக்கு மேல் பக்குவம் எதுவும் செய்யாத பொருளுக்குத்தான் போடலாம், பக்குவம் பொருளின் ஆயுளை நீட்டுவதாக இருந்தால் போடக்கூடாது என்கிறது அது. ‘ப்யூர்’ என்பதோ வேறு எதுவும் சேர்க்காத ஒற்றைப் பொருளுக்கு உரியது. பாலைக் கொதிநிலைக்குப் பக்கம் வரை சூடாக்கி, ஆறவைத்து, உறை சேர்த்துப் புளிக்கவைத்த தயிர் இந்த இரண்டுக்குள்ளும் எங்கே அடங்கும்? சரி, அது என் பிராண்ட் பேர்தானே என்று சொன்னால் அதற்கும் விதி இருக்கிறது. இப்படிப்பட்ட சொல் உள்ள பேர் வாங்குகிறவரைத் தவறாக எண்ணவைக்கும் என்றால், இது வெறும் பிராண்ட் பேர் அல்லது வணிகக் குறி மட்டுமே, பொருளின் உண்மையான தன்மையைக் குறிப்பது அல்ல என்று கவரிலேயே அச்சடிக்க வேண்டும். எழுத்து 3 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது.

யோசித்துப் பாருங்கள். மேலே கொட்டை எழுத்தில் ஃப்ரெஷ். கீழே, இது அதன் உண்மையான தன்மை அல்ல என்று ஒரு வரி. நம்பிக்கைக்காக வைத்த பேரை அதே கவர் மறுத்துப் பேசும். வாங்குகிறவர் அந்த வரியைப் படிக்காமல் போகலாம். ஆனால் ஆபீசர் படிப்பார், போட்டிக் கம்பெனியின் ஏஜெண்ட் படித்துவிட்டுக் கடை கடையாகக் காட்டுவார்.

விதி ஒரு பக்கம் இருக்கட்டும். தயிரின் குணமே அந்தப் பேருக்கு விரோதமானது. பாக்கெட் தயிர் எப்படி வருகிறது என்று தெரிந்தால் இது புரியும். கொழுப்பளவைச் சரிபண்ணிய பாலை 90 டிகிரி வரை சூடாக்கிச் சில நிமிஷம் வைத்து, 43 டிகிரிக்கு இறக்கி, கல்ச்சர் என்கிற உறைக் கிருமிகளைக் கலந்து, பாலாக இருக்கும்போதே கவரில் அடைத்து சீல் வைத்துவிடுவார்கள். கவருக்குள்தான் அது உறையும். டப்பில் அடுக்கி 42, 43 டிகிரி அறையில் நாலைந்து மணி நேரம் வைத்து, உறைந்து லேசான புளிப்பு ஏறியதும் குளிர் அறைக்குத் தள்ள வேண்டும். குளிரில் அந்தக் கிருமிகள் சாவதில்லை, சோம்பிக் கிடக்கும், அவ்வளவுதான். 5 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை புளிப்பு நத்தை வேகத்தில் ஏறும். வெளியே வந்தால் ஓட ஆரம்பிக்கும்.

வேலூர் வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாசத்தில் காலை எட்டு மணிக்கே ரோடு கொதிக்கும். வண்டியிலிருந்து இறக்கிய டப் கடை வாசலில் அரை மணி நேரம் நிற்கும். கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுப் போகிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். இதனால் ஒரே நாளில் போட்ட பாக்கெட் ஒரு கடையில் மூன்றாம் நாளும் இனிக்கும், இன்னொரு கடையில் இரண்டாம் நாளே நாக்கைக் கூசும். கவரை லேசாகச் சாய்த்தால் மேலே மஞ்சள் தண்ணீர் பிரிந்து ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் எங்கோ சூடு பட்டிருக்கிறது, அல்லது வண்டியில் குலுங்கி உடைந்திருக்கிறது. கவர் உப்பியிருந்தால் அது புளிப்பைத் தாண்டிய விஷயம், ஈஸ்ட் புகுந்து வாயு கிளம்பியிருக்கிறது. அதைத் திறக்கவே வேண்டாம்.

இப்படி ஐந்தாறு நாள் கடைக்குக் கடை மாறிக்கொண்டே இருக்கும் பொருளின் நெற்றியில் ‘ஃப்ரெஷ்’ என்று எழுதினால், புளித்த ஒவ்வொரு பாக்கெட்டும் பேரையே பொய்யாக்கும். வேறு பேராக இருந்தால் “தயிர் புளிச்சிடுச்சுப்பா” என்று மாற்றிக்கொண்டு போவார்கள். இந்தப் பேராக இருந்தால் “இதுவா ஃப்ரெஷ்ஷு?” என்று கேட்பார்கள். அதோடு, புளித்த தயிரை விரும்பி வாங்குகிறவர்களும் நம் ஊரில் உண்டு. மோர்க்குழம்புக்கு, நீர்மோருக்கு நேற்றைய பாக்கெட் இருக்கிறதா என்று கேட்கும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். புதுசு என்பதைச் சொல்ல வேண்டியது தேதி. அதைத்தான் பெரிசாகவும் தெளிவாகவும் அச்சடிக்க வேண்டும். கோடிங் மெஷின் மை மங்கி, தேதி அழிந்த பாக்கெட்டில் எந்தப் பேர் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ஒடுகத்தூர்க்காரர் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஃப்ரெஷ்ஷை விட்டுவிட்டார். பெண்ணின் பேரை விடுவதற்குத்தான் மனசு வரவில்லை. அது நாலு அசை, வல்லினமும் இடையினமும் கலந்த நீளமான பேர். அவரை ஒரு நாள் விடியற்காலையில் காட்பாடியில் ஒரு பால் கடை முன்னால் நிற்கச் சொன்னேன். ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் அங்கே யாரும் முழு வாக்கியம் பேசுவதில்லை. “ப்ளூ ரெண்டு.” “பச்சை ஒண்ணு, தயிர் ஒண்ணு.” ஆவின் பாலுக்கு நீலம், பச்சை, ஆரஞ்சு என்று கவர் நிறமே பேராகிவிட்டது. தயிருக்கு அந்த வசதி கிடையாது. “தயிர் ஒண்ணு” என்று மட்டும் சொன்னால், எதை எடுத்துக் கொடுப்பது என்று கடைக்காரர்தான் முடிவு பண்ணுவார். எந்தக் கம்பெனி ஐம்பது காசு கூடுதலாகக் கமிஷன் தருகிறதோ அந்தப் பாக்கெட்டுக்குத்தான் கை போகும். ஆக, வாங்குகிறவர் தயிர் என்ற சொல்லுக்கு முன்னால் இன்னொரு சொல்லைச் சிரமமில்லாமல் சேர்த்துச் சொன்னால்தான் புதிய பிராண்டுக்குப் பிழைப்பு. அந்தச் சொல் இரண்டு அசைக்கு மேல் போனால் சொல்ல மாட்டார்கள். ஆவின், அமுல் எல்லாம் வாயில் நிற்பது அந்த நீளத்தில்தான்.

அவருக்குச் சமாதானம் ஆனது. பெண்ணின் பேர் கம்பெனி பேராக, கவரின் பின்பக்கம் முகவரியோடு போனது.

அடுத்து அவர் சொந்தக்காரர்கள் சொன்ன பேர்கள் வந்தன. முதலில் ‘பாலாறு’. இந்த ஜில்லாவில் பால் வியாபாரம் தொடங்குகிற எவருக்கும் முதலில் தோன்றுகிற பேர் இதுதான். இந்த ஆறு எனக்கு எவ்வளவோ பிடிக்கும், ஆனால் தயிர் கவரில் வேண்டாம் என்றேன். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை அந்தப் பேரோடு சேர்ந்து நினைவுக்கு வருவது மணலும் தோல் ஷாப் கழிவுநீரும். சாப்பிடும் பொருளுக்கு அந்த நினைவு ஆகாது. வணிகக் குறிச் சட்டத்தின் 9ஆம் பிரிவும் குறுக்கே வரும். பொருள் எந்த இடத்திலிருந்து வருகிறது, எப்படிப்பட்டது என்று மட்டும் சொல்கிற பேர்களை ஒருத்தருக்கே உரிமையாக்கித் தர அது இடம் கொடுப்பதில்லை. ‘தூய பால்’, ‘கெட்டித் தயிர்’ எல்லாம் இதே பிரிவில்தான் அடிபடும். தமிழில் எழுதினால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இந்தி, ஆங்கிலம் அல்லாத சொல்லாக இருந்தால் அதன் உச்சரிப்பையும் அர்த்தத்தையும் விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

சாமி பேர் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. கிழித்த கவர் குப்பையில் கிடக்கும், சாக்கடையில் மிதக்கும், காலில் மிதிபடும். ஜலகண்டேஸ்வரர் பேரை அங்கே பார்க்க யாருக்கு மனசு வரும்?

எனக்குப் பிடித்த பேர் ‘மத்து’. குட்டியான சொல், தயிரோடு உறவுள்ள பொருள், படம் போட்டால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். கவர்கூட வரைந்துவிட்டேன். அவர் வீட்டம்மா சித்தூர்ப் பக்கம். கவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “எங்கூர்ல மத்துன்னா போதைங்க” என்றார். காட்பாடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா. குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள் ஏராளம். போதை என்ற பேரில் தயிர் விற்க முடியாது. அடுத்து ‘உறி’ என்று யோசித்தோம். தெலுங்குக் காதில் அது தூக்குக் கயிறாக விழும். அதையும் அடித்தோம். அன்றிலிருந்து வட ஆற்காட்டில் எந்தப் பேரையும் ஒரு தெலுங்கு வீட்டில் சொல்லிப் பார்க்காமல் நான் கவர் வரைவதில்லை. ஆம்பூர், மேல்விஷாரம் மார்க்கெட்டைக் குறிவைக்கிறவர்கள் உருது பேசும் வீட்டிலும் சொல்லிப் பார்க்க வேண்டும்.

வேலூருக்கென்று இன்னொரு சோதனையும் இருக்கிறது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கி, சொந்தமாகச் சமைத்துச் சாப்பிடுகிற குடும்பங்கள் நிறைய. உடம்பு சரியில்லாதவருக்குத் தயிர் சோறு தினமும் வேண்டும். அவர்களால் ழ, ள சொல்ல முடியாது, வங்காளிகள் வாயில் வ பெரும்பாலும் ப ஆகிவிடும். அவர்கள் சொல்லிக் கடைக்காரருக்குப் புரியாத பேர் அந்தத் தெருவில் விற்காது. கவரில் இங்கிலீஷ் எழுத்திலும் பேர் வேண்டும், அதைப் பார்த்துப் படிக்கும்போது ஒரே மாதிரிதான் படிக்க வரவேண்டும்.

இத்தனை சல்லடையிலும் தங்கிய பேர் ‘கிண்ணி’. இரண்டே அசை. தெலுங்கிலும் கிண்ணத்துக்குக் கின்னெ என்கிற சாயலில்தான் சொல் இருக்கிறது. Kinni என்று எழுதினால் யார் படித்தாலும் தப்பாகாது. “கிண்ணி தயிர் ஒண்ணு” என்று காட்பாடிக் கடையில் சொல்லிப் பார்த்தோம், கடைக்காரர் திருப்பிக் கேட்கவில்லை. கிண்ணிக்கோழிதான் ஞாபகம் வருகிறது என்று ஒரு பையன் சொன்னான். ஞாபகம் வந்தால் நல்லதுதானே என்று விட்டுவிட்டோம்.

பேர் பிடித்துப்போனதும் அச்சுக்கு ஓடக்கூடாது. முதலில் ipindia.gov.in தளத்தில் வணிகக் குறித் தேடல். பால், தயிர், நெய் எல்லாம் 29ஆம் வகுப்பு. அங்கே Wordmark என்று தேடினால் அதே எழுத்துள்ள பேர்கள்தான் வரும். பலர் அதைப் பார்த்து ஒன்றும் இல்லை என்று திருப்திப்பட்டுவிடுகிறார்கள். Phonetic என்ற தேடல்தான் முக்கியம், காதுக்கு ஒரே மாதிரி கேட்கிற பேர்களை அது கொண்டுவரும். ஐஸ்கிரீம் உள்ள 30ஆம் வகுப்பையும், குடிநீர், பானங்கள் உள்ள 32ஆம் வகுப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். வகுப்பு வேறு என்றாலே ஆபத்து இல்லை என்றோ, வகுப்பு ஒன்று என்றாலே கதை முடிந்தது என்றோ எடுத்துக்கொள்ள முடியாது. பெங்களூரில் 1989 முதல் ‘நந்தினி டீலக்ஸ்’ என்று ஓட்டல் நடத்தியவருக்கும், 1985 முதல் ‘நந்தினி’ பால் விற்கும் கர்நாடகக் கூட்டுறவுப் பால் கூட்டமைப்புக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்புச் சொன்னது. ஒரே வகுப்பில் இருந்தாலும் பொருள்கள் வேறு, குறிகளின் தோற்றமும் வேறு என்று ஓட்டல்காரருக்குப் பதிவை அனுமதித்தது, பாலும் பால் பொருள்களும் நீங்கலாக. தயிர் விற்க வருகிறவர் அந்தத் தீர்ப்பில் படிக்க வேண்டியது அந்த நீங்கலைத்தான். பாலில் ஏற்கெனவே ஒருத்தர் வைத்திருக்கும் பேருக்குப் பக்கத்தில் போய் நிற்காதீர்கள்.

தேடலில் வந்த பேர்களை அச்செடுத்து வக்கீலிடம் கொடுத்தோம். எழுத்தோடு கிண்ணப் படத்தையும் சேர்த்து ஒரே குறியாக விண்ணப்பிக்கச் சொன்னார். தனிநபரோ சிறு தொழிலோ ஆன்லைனில் போட்டால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். வணிகக் குறி அலுவலகத்தின் பரிசோதனை முடிந்து அவர்கள் இதழில் வெளியான பிறகு யாரும் ஆட்சேபிக்க நாலு மாசம் அவகாசம் உண்டு. பதிவாகி வரும்வரை கவரில் TM என்று மட்டும்தான் போடலாம். வட்டத்துக்குள் R போடுவது சட்டப்படி தவறு, இதை டிசைனர்களே தெரியாமல் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

கிண்ணி என்று எவ்வளவு பெரிசாகப் போட்டாலும் பொருளின் பேர் தனியாக இருந்தாக வேண்டும். 2023 மார்ச்சில் ‘தஹி’ என்று போடச் சொல்லி எழுந்த சச்சரவு ஞாபகம் இருக்கும். அந்த மாசக் கடைசியிலேயே அதைத் திருத்தி, கர்ட் என்று போட்டு அடைப்புக்குள் தயிர் என்றே போடலாம் என்று ஆணையம் சொல்லிவிட்டது. அதன்படிதான் போட்டோம். 14 இலக்க லைசென்ஸ் நம்பர், எடை, பச்சைப் புள்ளி, கெடு தேதிக்கான வெற்றிடம் எல்லாம் போக மிச்சம் இருப்பதுதான் பேருக்கான இடம்.

இந்த இடத்தில் கணக்கு ஒன்று சொல்ல வேண்டும். அரைக் கிலோ தயிர் கவருக்கு ஃபிலிம் அகலம் சுமார் 325 மில்லிமீட்டர், வெட்டு நீளம் 160, கனம் 55 மைக்ரான் என்று வைத்தால் ஒரு கவர் மூன்று கிராமுக்கும் குறைவு. ஒரு கிலோ ஃபிலிமில் 380 கவர் வரும். அச்சுக்காரர் 300 கிலோவுக்குக் குறைந்து ஓட்ட மாட்டேன் என்றால் அது லட்சத்துப் பதினாலாயிரம் கவர். நாளுக்கு ஆயிரம் பாக்கெட் போடுகிறவருக்கு அது நாலு மாசச் சரக்கு. நிறத்துக்கு ஒன்றாகச் செய்யும் அச்சு சிலிண்டர் காசு தனி. பேரை அச்சுக்குப் பிறகு மாற்றினால் இவ்வளவும் பழைய பிளாஸ்டிக் கடைக்குப் போகும். அதனால் விண்ணப்பம் போட்டு, முதல் பரிசோதனை அறிக்கை வந்து பெரிய மறுப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஃபிலிம் ஆர்டர் கொடுக்கச் சொன்னேன். அதுவரை அச்சில்லாத கவரில் ஸ்டிக்கர் ஒட்டித் தெரிந்த பத்துக் கடைக்கு மட்டும் போட்டார்.

சாம்பிள் ரோல் வந்தபோதுதான் எனக்குத் தனிப்பட்ட சிக்கல் தெரிந்தது. கிண்ணியில் ண இரண்டு தடவை வருகிறது. தமிழ் எழுத்திலேயே அகலமானவற்றில் ஒன்று ண, உள்ளே சுழிகள் வேறு. ஃபிலிம் தட்டையாக இருக்கும்போது அழகாக இருந்த பேர், தயிர் நிரம்பிக் கவர் உப்பியதும் இரண்டு ஓரமும் பின்னால் மடங்கி ‘ண்ண’ மாதிரி மட்டும் தெரிந்தது. நிரம்பிய கவரில் நேராகப் பார்க்கும்போது கண்ணுக்குப் படுவது நடுவில் பத்து சென்டிமீட்டர்தான். எழுத்தை அந்த அகலத்துக்குள் சுருக்கினால் சுழிகளுக்குள் மை அடைத்துக் கறுப்புப் புள்ளியாகிறது. ஃபாண்டை விட்டுவிட்டுக் கையால் எழுதினேன். சுழிகளைப் பெரிசாகத் திறந்து, கோட்டை மெலித்து, இகரத்தின் மேல்விலங்கை நேராக உயர்த்தாமல் வலது பக்கம் சாய்த்தேன். அவருடைய மெஷினில் ஃபிலிமில் அச்சடித்த குறியைப் பார்த்துச் சரியான இடத்தில் வெட்டும் வசதி இல்லை, எந்த இடத்தில் வேண்டுமானாலும் வெட்டு விழலாம். அதனால் ஒரு வெட்டு நீளத்துக்குள் பேர் இரண்டு தடவை வரும்படி அடுக்கினேன், எங்கே வெட்டினாலும் ஒன்றாவது முழுசாக நிற்கும். பேர் குட்டியாக இருந்ததால்தான் இது முடிந்தது, பெண்ணின் பேரை வைத்திருந்தால் ஒரு தடவைகூட உருப்படியாக வந்திருக்காது.

அரைக் கிலோ கவர் இப்போது ஓடுகிறது. 200 கிராம் கவருக்கு அதே எழுத்தை அப்படியே சுருக்கிப் போடச் சொல்கிறார். சுழி அடைக்கும் என்பதால் அதற்குத் தனியாக ஒரு ண எழுதிக்கொண்டிருக்கிறேன்.